நன்றி மடலில் கணக்கைப் போடலாமா? ஒரு அறக்கட்டளைச் செயலாளரின் கேள்விக்கு ஆடிட்டரின் பதில்

கேள்வி: ஐயா, திருச்சிப் பக்கம் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, இப்போது அதன் செயலாளர். 2025 ஜனவரி 25 அன்று, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மெல்லிசை நிகழ்ச்சி நடத்தினோம். 168 பேர் நேரடியாகக் கொடுத்தது ₹4,10,000. டிக்கெட்டில் ₹2,10,000. மண்டப வாசலில் வைத்த உண்டியலில் ₹18,400. நிகழ்ச்சிச் செலவு ₹1,65,000. ஏப்ரல் கடைசி வரை ஒன்பது பேருக்கு 210 முறை டயாலிசிஸ் செய்ததற்கு ₹2,62,500 கொடுத்தோம். ஒருவருக்கு ஃபிஸ்டுலா ஆபரேஷன், ₹32,000. மார்ச்சில் ஒருவர் இறந்துபோனார், அவர் மகளுக்குப் பள்ளிக் கட்டணமாக ₹25,000 கட்டினோம். மீதி ₹1,53,900 வங்கியில் இருக்கிறது. எல்லாம் செலவான பிறகு நன்றி சொல்லலாம் என்று இருந்தோம், இப்போது கொடுத்தவர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "உங்கள் ஒவ்வொரு ரூபாயும் நோயாளிகளுக்கே போய்ச் சேர்ந்தது, முழுத் தொகைக்கும் வரி விலக்கு உண்டு" என்று ஒரு மடல் எழுதி வைத்திருக்கிறேன். நோயாளிகளின் போட்டோவையும் இணைக்கலாமா? தலைவரோ, "கணக்கைப் போட்டால் நூறு கேள்வி வரும், நன்றி மட்டும் போதும்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் ஒன்று, அந்த மடலை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். அதில் இருக்கும் இரண்டு வாக்கியங்களும் உண்மையில்லை. நீங்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகைகளை அப்படியே மடலில் வைத்தால் போதும். ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சரி செய்ய வேண்டியிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லாம் செலவாகட்டும் என்று காத்திருந்ததும் தேவையில்லாதது. நன்றியை நிகழ்ச்சி முடிந்த வாரத்திலேயே நாலு வரியில் சொல்லியிருக்கலாம், கணக்கு அப்புறம் வரட்டும். வங்கியில் மீதி இருப்பது குற்றமில்லை. டயாலிசிஸ் மாதாமாதம் நடக்கிற காரியம், பணமும் மாதாமாதம்தான் போகும். மார்ச் 31 அன்று எவ்வளவு செலவாகாமல் நின்றது என்பதை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள் செலவிட வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அதற்குக் குறைந்தால் உரிய படிவத்தைக் கெடுவுக்குள் போட்டு அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், அது அவர் பார்த்துக்கொள்ளும் வேலை.

"ஒவ்வொரு ரூபாயும்" என்ற வரி

மொத்தம் வந்தது ₹6,38,400. நிகழ்ச்சிக்குப் போனது ₹1,65,000. அதாவது நூறு ரூபாய் வந்தால் அதில் 26 ரூபாய் மண்டபத்துக்கும் மைக்செட்டுக்கும் இசைக் குழுவுக்கும் போயிருக்கிறது. மெல்லிசைக் குழுவை மேடை ஏற்றி நடத்தும் நிகழ்ச்சிக்கு இது அநியாயமான செலவு இல்லை. மறைத்தால்தான் அது அநியாயமாகத் தெரியும். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் லைட்டையும் கீபோர்டையும் கண்ணால் பார்த்தவர்கள், "ஒவ்வொரு ரூபாயும் நோயாளிக்கு" என்று படித்தால் அப்போ அதற்கெல்லாம் யார் கொடுத்தது என்று அவர்களுக்குத் தோன்றாமல் இருக்காது.

உங்கள் கணக்கிலேயே இதைவிட நல்ல, உண்மையான ஒரு வாக்கியம் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. டிக்கெட்டில் வந்தது ₹2,10,000, நிகழ்ச்சிச் செலவு ₹1,65,000. டிக்கெட் பணமே செலவை அடைத்து, ₹45,000 மிச்சமும் வைத்திருக்கிறது. அப்படியானால் நேரடியாகக் கொடுத்த 168 பேரின் பணத்தை நீங்கள் நிகழ்ச்சிக்காகத் தொடவே இல்லை. "நிகழ்ச்சிச் செலவு முழுவதும் டிக்கெட் வருமானத்திலிருந்து. நேரடி நன்கொடை முழுவதும் நோயாளிகளின் சிகிச்சைக்கு" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதலாம். ஒரு நிபந்தனை உண்டு. செலவுப் பட்டியலில் இன்னும் வராத பில் எதுவும் இருக்கக் கூடாது. ஜெனரேட்டர் வாடகை, குழுவுக்குச் சாப்பாடு, மண்டபத்தைச் சுத்தம் செய்த கூலி, இவையெல்லாம்தான் வழக்கமாக ஒரு மாதம் கழித்து வந்து நிற்கும். பொருளாளரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. 2,62,500 ரூபாயை 210 ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு ₹1,250 வருகிறது. உங்கள் நோட்டீஸில் என்ன போட்டிருந்தீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். இதுபோன்ற நிகழ்ச்சி நோட்டீஸ்களில் "₹1,000 கொடுத்தால் ஒருவருக்கு ஒரு டயாலிசிஸ்" என்று போடுவது வழக்கம், மருத்துவமனை சொல்லும் அடிப்படைக் கட்டணத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். டயலைசர், ரத்தம் போகும் டியூப், ஊசி மருந்து ஆகியவற்றுக்குத் தனி பில் வருவது அப்புறம்தான் தெரியும். நீங்களும் அப்படிப் போட்டிருந்தால், ஐயாயிரம் கொடுத்தவர் ஐந்து முறை என்று நினைத்திருப்பார், நடந்தது நாலு முறை. ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. சொல்லாமல் விட்டால் யாராவது ஒருவர் வகுத்துப் பார்ப்பார்.

பள்ளிக் கட்டணம் ₹25,000

நான் மேலே சரி செய்யச் சொன்னது இதைத்தான். இரண்டு செலவுகளை ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவை ஒன்றல்ல. ஃபிஸ்டுலா என்பது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து, டயாலிசிஸ் ஊசி போடுவதற்கு ஒரு வழி அமைக்கும் ஆபரேஷன். அது டயாலிசிஸின் ஒரு பாகம். கொடுத்தவர்களில் யாரைக் கேட்டாலும் "இதையும் சேர்த்துத்தானே" என்பார்கள். தனி வரியாக எழுதிவிடுங்கள், போதும்.

பள்ளிக் கட்டணம் அப்படியில்லை. தகப்பனை இழந்த பிள்ளைக்கு நீங்கள் செய்த உதவியை நான் குறை சொல்லவில்லை. உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் கல்வி உதவியும் நோக்கமாக எழுதப்பட்டிருந்தால், சட்டப்படி அது தர்மக் காரியம்தான். ஆனால் அந்தப் பணம் உங்கள் பொதுப் பணம் இல்லையே. "டயாலிசிஸ் நோயாளிகளுக்காக" என்று நோட்டீஸ் அடித்து வாங்கிய பணம். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கியதை அந்தக் காரியத்துக்குத்தான் செலவிட வேண்டும், நல்ல காரணம் இருந்தாலும் நாமாக மாற்றிக்கொள்ள முடியாது.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கொடுத்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்பது. 168 பேரிடமும் உண்டியலில் போட்ட முகம் தெரியாதவர்களிடமும் இதைச் செய்வது நடக்கிற காரியம் இல்லை. இன்னொன்று, உறுப்பினர் சந்தா போன்ற உங்கள் பொது நிதியிலிருந்து ₹25,000 எடுத்து டயாலிசிஸ் நிதியில் திருப்பி வைப்பது. கமிட்டியைக் கூட்டித் தீர்மானம் போட்டு, மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கணக்கில் பதிவையும் மாற்றுங்கள். பொது நிதியில் அவ்வளவு இல்லையென்றால் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ₹2,100 போட்டால் வந்துவிடும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், அதுவும் மடல் போவதற்கு முன்னால். அப்போது டயாலிசிஸ் நிதியில் மீதி ₹1,78,900 ஆகிவிடும். பிள்ளையின் படிப்புக்கு உதவியது உங்கள் அறக்கட்டளை என்பதும் உண்மையாகவே நிற்கும்.

இறந்தவரும் போட்டோவும்

ஒன்பது பேருக்கு உதவினோம் என்று எழுதினால், இப்போதும் ஒன்பது பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் இறந்ததைச் சொல்லுங்கள். சொன்னால் பணம் வீணானதாக நினைப்பார்களோ என்று பல அறக்கட்டளைகள் தயங்குகின்றன, என் அனுபவத்தில் அப்படி யாரும் நினைத்ததில்லை. கடைசி வாரம் வரை அவருக்கு டயாலிசிஸ் தடைப்படவில்லை என்றால், அதையும் ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம்.

படுக்கையில் டியூபோடு இருக்கிற போட்டோ வேண்டவே வேண்டாம். உதவி கேட்டு வந்த நேரத்தில் "எடுத்துக்கோங்க" என்று ஒருவர் சொல்வதை முழு மனச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, உதவி நின்றுவிடுமோ என்ற பயமும் அதில் இருக்கும். 168 பேருக்குப் போன படம் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகும் என்பதும் உங்கள் கையில் இல்லை. அதற்குப் பதில் மருத்துவமனையின் ஒரு மாத பில்லை இணையுங்கள், கொடுத்தவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான். ஆனால் அதில் நோயாளிகளின் பெயர்கள் இருக்கும். போனில் கறுப்பாகத் தடவிவிட்டு அனுப்பாதீர்கள், சில செயலிகளின் பேனா மை ஒளி ஊடுருவக்கூடியது, வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கிற பெயரைப் படித்துவிடலாம். பெயர் இருக்கும் பத்தியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்யுங்கள்.

ரசீதும் 80ஜியும்

"முழுத் தொகைக்கும் வரி விலக்கு" என்பதை எடுத்துவிடுங்கள். உங்களைப் போன்ற, வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் பதிவுள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் வரிக் கழிவு, அதற்கும் கொடுத்தவரின் வருமானத்தை வைத்து உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அதுவும் கிடையாது. ரொக்கமாக ₹2,000க்கு மேல் கொடுத்திருந்தால் மொத்தத் தொகைக்கும் கழிவு இல்லை, முதல் இரண்டாயிரத்துக்காவது கிடைக்கும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். டிக்கெட் வாங்கியவர் பணத்துக்குப் பதிலாக நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டார், அது நன்கொடை ஆகாது. ஆகவே டிக்கெட் வாங்கியவர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரே மடலை அனுப்பாதீர்கள். டிக்கெட்காரர்களுக்கு நன்றியும் கணக்கும் போகட்டும், வரி பற்றிப் பேச்சே வேண்டாம்.

நன்றி மடல் ரசீது ஆகாது என்பதையும் மனதில் வையுங்கள். ஜனவரியில் வந்த நன்கொடை 2024-25 நிதியாண்டில் சேரும். அதற்கான விவரத்தைப் படிவம் 10பிடியில் 2025 மே 31க்குள் வருமான வரி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் போன்ற ஓர் அடையாள எண், தொகை, எந்த வழியில் வந்தது, இவ்வளவும் கேட்கும். ஏற்றிய பிறகு அதே தளத்தில் 10பிஇ என்ற சான்றிதழ் கிடைக்கும், அதையும் அதே தேதிக்குள் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் நாளுக்கு ₹200 கட்டணம். இதைவிடப் பெரிய சங்கடம், நீங்கள் ஏற்றாவிட்டால் கொடுத்தவர் கழிவு கோர முடியாது. 168 பேரில் எத்தனை பேரின் பான் உங்களிடம் இருக்கிறது? யுபிஐயில் அனுப்பியவர்களின் பான் எண் பெரும்பாலும் இருக்காது. இந்த மடலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மடல் இப்படி இருக்கலாம்

நேரடியாகக் கொடுத்தவர்களுக்கான மடலை உங்கள் எண்களை வைத்தே எழுதிப் பார்த்தேன். ₹25,000 திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதியது இது. பில், தேதி எல்லாம் சரிபார்த்து, உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

*பொருள்: ஜனவரி 25 நிகழ்ச்சிக்கு நீங்கள் கொடுத்த பணம், ஏப்ரல் 30 வரையிலான கணக்கு*

*வணக்கம். டயாலிசிஸ் நோயாளிகளுக்காக நாங்கள் நடத்திய நிகழ்ச்சிக்கு நீங்கள் கொடுத்த நன்கொடைக்கு மனமார்ந்த நன்றி. இதை மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னியுங்கள்.*

*மொத்தம் வந்தது ₹6,38,400. இதில் நேரடி நன்கொடை ₹4,10,000, டிக்கெட் ₹2,10,000, உண்டியல் ₹18,400. நிகழ்ச்சிச் செலவு ₹1,65,000, அது முழுவதும் டிக்கெட் வருமானத்திலிருந்து கொடுக்கப்பட்டது. மீதமுள்ள ₹4,73,400 சிகிச்சைக்கு.*

*ஏப்ரல் 30 வரை ஒன்பது பேருக்கு 210 முறை டயாலிசிஸ் நடந்திருக்கிறது. டயலைசர், டியூப் எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு ₹1,250 வீதம் ₹2,62,500. ஒருவருக்கு ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு ₹32,000. ஒன்பது பேரில் ஒருவர் மார்ச் மாதம் காலமானார்.*

*கையில் இருப்பது ₹1,78,900. எட்டுப் பேருக்கு வாரம் இரண்டு முறை என்ற கணக்கில் இது ஜூலை முதல் வாரம் வரை வரும். அப்போது முடிவுக் கணக்கை அனுப்புவோம். மருத்துவமனை பில் ஒன்றின் நகலை, பெயர்களை மறைத்து இணைத்திருக்கிறோம்.*

*80ஜி சான்றிதழ் வேண்டுவோர் மே 20க்குள் பெயர், முகவரி, பான் எண்ணை இந்த முகவரிக்கு அனுப்பவும். ரொக்கமாக ₹2,000க்கு மேல் கொடுத்தவர்களுக்கு வரிக் கழிவு பொருந்தாது.*

*கணக்கில் சந்தேகம் இருந்தால் பொருளாளரைக் கீழ்க்கண்ட எண்ணில் கேட்கலாம்.*

இதில் கூடுதல் பணம் கேட்டு ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜூலையில் பணம் தீர்ந்துவிடும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது, படிப்பவருக்கு அது புரியும். நன்றி சொல்கிற மடலிலேயே கை நீட்டினால் நன்றியின் எடை போய்விடும்.

அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் `To` கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். `Bcc` கட்டத்தில் போட்டால்தான் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. நான் கணக்குப் பார்த்த ஒரு அறக்கட்டளையில், நன்றி மடலோடு நன்கொடையாளர் பட்டியல் எக்செல் ஃபைலையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள், பெயர், தொகை, பான் எண் அத்தனையும் அதில் இருந்தது. பெரிய தொகை கொடுத்த ஒருவருக்கு மறுநாளே நாலு பேர் போன் செய்து உதவி கேட்டிருக்கிறார்கள், அதற்கு அடுத்த ஆண்டு அவர் கொடுக்கவில்லை. 10பிஇ சான்றிதழையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும், அதில் அவரவர் பான் இருக்கும்.

தலைவரிடம் இதைச் சொல்லுங்கள். கேள்வி வரும் என்று அவர் சொல்வது சரிதான், நாலைந்து பேர் கட்டாயம் கேட்பார்கள், இசைக் குழுவுக்கு எவ்வளவு, மண்டபத்துக்கு எவ்வளவு என்று. அதற்கு வவுச்சர் ஃபைல் இருக்கிறது, பொருளாளர் அதைப் பார்த்து அன்றைக்கே பதில் சொல்லிவிட்டால் போதும். ஃபைலில் பில் இல்லாத செலவு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் மடல் போவதற்கு முன்னால் நீங்களும் அவரும் உட்கார்ந்து ஒரு முறை புரட்டிவிடுங்கள்.